அரட்டைப் பதில்களில் புரியாத குறிகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கும்பகோணம் வட்டாரத்துப் பிரவுசிங் சென்டர்களில் கணினிப் பராமரிப்பு செய்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று, சாட்டில் எழுத்து வராமல் ஏதேதோ குறியாக வருகிறது என்பது. இந்தப் புகாரோடு கூடவே கடைக்காரரின் தீர்ப்பும் வந்துவிடும்: வைரஸ் புகுந்துவிட்டது, ஃபார்மட் அடித்துவிடலாம். பெரும்பாலும் அது வைரஸும் அல்ல, ஃபார்மட்டும் தேவையில்லை. திரையில் தெரியும் குறியின் வடிவமே பிழை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிப்பது கடைசியிலும் வரும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி, குறுவை சாகுபடி பற்றிய ஆய்வேட்டுக்காக மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயிகளிடம் கேள்விகள் கேட்டுப் பதில் திரட்டிக்கொண்டிருந்தார். பதில்களை வாங்கி அனுப்பும் பொறுப்பு மயிலாடுதுறையில் இருந்த அவருடைய தோழிக்கு. தோழி சில பதில்களைத் தன் கைப்பேசியிலிருந்தும், நீளமானவற்றைத் தன் அண்ணன் நடத்தும் டிடிபி கடைக் கணினியிலிருந்தும் அரட்டையில் அனுப்பினார். மாணவி அமர்ந்திருந்த பிரவுசிங் சென்டர் கணினியில் எந்தப் பதிலையும் படிக்க முடியவில்லை. ஒரே அரட்டையில் சில பதில்கள் வெற்றுக் கட்டங்களாகவும், சில பதில்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் வந்தன. இரண்டும் ஒரே கோளாறு என்று எல்லோரும் நினைத்ததால்தான் குழப்பம் பெரிதாயிற்று.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: பிழை எந்தப் பக்கம்?

கணினியில் எதையும் தொடுவதற்கு முன்பு, அதே பதிலை வேறொரு கருவியில் திறந்து பார்க்க வேண்டும். அதே கணக்கைக் கைப்பேசியில் திறந்தால் போதும். பக்கத்துக் கணினியில் திறந்தாலும் சரிதான், ஆனால் பிரவுசிங் சென்டரின் கணினிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வட்டிலிருந்து நிறுவப்பட்டவை என்பதால் கைப்பேசியே நம்பகமான சாட்சி.

கைப்பேசியில் சரியாகத் தெரிந்தால்: வந்து சேர்ந்த பதிலில் குறையில்லை, அதைக் காட்டும் கணினியில்தான் குறை. அறிகுறி 1-க்குச் செல்லவும்.

கைப்பேசியிலும் அதே குறிகள் தெரிந்தால்: பதில் அனுப்பப்படும்போதே, அல்லது வரும் வழியில், மாறிவிட்டது. இந்தக் கணினியை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயனில்லை. அறிகுறி 2, 3, 4 ஆகியவற்றைப் பார்க்கவும்.

பதில்கள் சரியாக இருந்து, நாம் அடிப்பது மட்டும் மாறினால்: அறிகுறி 5.

மாணவியின் கைப்பேசியில் பார்த்தபோது, கட்டங்களாக இருந்த பதில்கள் எல்லாம் நல்ல தமிழில் தெரிந்தன. ஆங்கில எழுத்துகளாக இருந்தவை அப்படியேதான் இருந்தன. இருப்பவை இரண்டு தனித்தனிப் பிழைகள் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

## அறிகுறி 1: தமிழ் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள்

```
□□□□□□□ □□□□
```

பதில் முழுமையாக வந்திருக்கிறது, ஆனால் அதை வரைந்து காட்டத் தேவையான எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்பதே இதன் பொருள். கட்டங்களுக்குப் பின்னால் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. ஐயமிருந்தால் கட்டங்களை அப்படியே நகலெடுத்து வேறொருவருக்கு அனுப்பிப் பார்க்கலாம். அவருக்குத் தமிழாகவே தெரியும்.

தமிழ் நன்றாக இருந்து, இடையில் ஓரிரு கட்டங்கள் மட்டும் வந்தால்: அவை தமிழ் எழுத்துகள் அல்ல, புதிய உணர்ச்சிப் படங்கள். பழைய விண்டோஸ் 7 கணினிகளில் இது வழக்கம். அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோனதால், அதன் பிறகு வந்த முகங்களும் சின்னங்களும் அதன் எழுத்துருவில் இல்லை. பதிலின் பொருள் கெடாது, ஒன்றும் செய்ய வேண்டாம்.

தமிழ் முழுவதும் கட்டமாக இருந்தால்: `C:\Windows\Fonts` கோப்புறையைத் திறந்து தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்கவும். விண்டோஸ் 7 ஆனால் Latha, Vijaya ஆகியவையும், விண்டோஸ் 8 முதல் Nirmala UI என்பதும் இருக்க வேண்டும். இவை விண்டோஸோடு வருபவை. தாமாகக் காணாமல் போவதில்லை. எடையைக் குறைத்து விற்கப்படும் ‘லைட்’ விண்டோஸை நிறுவியிருந்தால், வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக இந்திய மொழி எழுத்துருக்களை முதலிலேயே நீக்கியிருப்பார்கள். மாணவி அமர்ந்திருந்த கணினியில் நடந்திருந்தது அதுதான்.

தீர்வுக்குச் செலவில்லை. Noto Sans Tamil என்ற எழுத்துருவைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். வந்த தொகுப்பை விரித்து, `.ttf` என்று முடியும் கோப்பைத் திறந்து, மேலே உள்ள Install பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு உலாவியை முற்றிலும் மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். பக்கத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு, எழுத்துரு வேலை செய்யவில்லை என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நிறுவும்போது நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டால், அது கடைக்காரரின் வேலை, வாடிக்கையாளருடையது அன்று.

இன்று சரியாகி, மறுநாள் காலையில் மீண்டும் கட்டங்கள் வந்தால்: எழுத்துருவில் குற்றமில்லை. வாடிக்கையாளர்கள் எதை மாற்றினாலும், மறுதொடக்கத்தின்போது கணினி பழைய நிலைக்கே திரும்பும்படி டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளைப் பல கடைகளில் நிறுவியிருக்கிறார்கள். அதைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, எழுத்துருவை நிறுவி, மறுபடி பூட்ட வேண்டும். இந்தக் கடையிலும் அது இருந்தது. அதன் கடவுச்சொல் கடைக்காரருக்கு நினைவில் இல்லாததால், எழுத்துருவை நிறுவியதைவிடக் கடவுச்சொல் எழுதிய பழைய நோட்டைத் தேடியதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கட்டங்கள் இல்லை, ஆனால் கொம்பு இடம் மாறியும் புள்ளிவட்டங்களோடும் எழுத்து சிதறினால்: எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி இல்லை. இது விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் வரும். Regional and Language Options பகுதியில் Languages தாவலுக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான முதல் பெட்டியில் குறியிட வேண்டும். அப்போது எக்ஸ்பி வட்டு கேட்கும். வட்டு கையில் இல்லையென்றால் அந்தக் கணினியோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. இன்றைய அரட்டைத் தளங்கள் பலவும் அதில் திறப்பதே இல்லை.

எப்போது ஆளை அழைப்பது: அரட்டையில் மட்டுமல்லாமல், விண்டோஸின் சொந்தப் பட்டியல்களிலும் உரையாடல் பெட்டிகளிலும் ஆங்கிலமே கட்டங்களாகத் தெரிந்தால், அமைப்பின் அடிப்படை எழுத்துருக்களோ அவற்றின் பதிவுகளோ சேதமடைந்திருக்கின்றன. அந்த நிலையில் மட்டும் சர்வீஸ் பொறியாளரைக் கூப்பிட்டு, ஃபார்மட் பற்றிப் பேசலாம்.

## அறிகுறி 2: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த சொற்கள்

```
tzf;fk;
FWit ney;
```

டெல்டா மாவட்டங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். காரணம், கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் நன்கொடை ரசீது வரை அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதும், அவற்றில் பலவும் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே வேலை செய்வதும்தான். அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து; திரையில் அதன் மேல் தமிழ் உருவம் வரையப்படுகிறது. கடையின் வேர்டு கோப்பில் பார்க்கும்போது ‘வணக்கம்’ என்று தெரிவதை நகலெடுத்து அரட்டையில் ஒட்டினால், எழுத்துரு கூட வராது. உள்ளே இருந்த `tzf;fk;` மட்டும் வரும். அதனால்தான் தோழியின் கைப்பேசிப் பதில்கள் சரியாகவும், கடையிலிருந்து ஒட்டிய பதில்கள் இப்படியும் இருந்தன.

பாமினிதான் என்று உறுதி செய்துகொள்ள இரண்டு அடையாளங்கள் போதும். ஒன்று, சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி வரும், ஏனெனில் மெய்யெழுத்தின் மேற்புள்ளிக்கு உரிய விசை அதுவே. மற்றொன்று, சொல்லின் நடுவில் பெரிய ஆங்கில எழுத்துகள் வரும், ஏனெனில் சிறிய `f` ககரம் என்றால் பெரிய `F` ‘கு’. மேலே உள்ள இரண்டாவது வரி ‘குறுவை நெல்’ என்பதாகும். `F` கு, `W` று, `it` வை. வையின் சங்கிலிக்கொம்பு வகரத்துக்கு முன்னால் அடிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம்.

ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக `¾Á¢ú` என்பது போன்ற குறிகள் வந்தால், அது திஸ்கி என்னும் இன்னொரு பழைய முறையில் ‘தமிழ்’ என்ற சொல். வழி ஒன்றுதான், கீழே சொல்லப்போகும் மாற்றியில் தேர்ந்தெடுக்க வேண்டிய பெயர் மட்டும் வேறு.

அனுப்பியவரை உடனே தொடர்புகொள்ள முடிந்தால்: மிக எளிய வழி, அந்தப் பகுதியைக் கைப்பேசியில் அடித்து அனுப்பச் சொல்வது, அல்லது கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி இணைக்கச் சொல்வது. பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே பதியப்படுவதால் படிக்க முடியும். ஆனால் அதிலிருந்து நகலெடுத்து ஆய்வேட்டில் ஒட்ட முயன்றால் மறுபடியும் அரைப்புள்ளிகள்தான் வரும். படித்தால் போதும் என்பவருக்குப் பிடிஎஃப். எடுத்துப் பயன்படுத்த வேண்டியவருக்கு அடுத்த வழி.

எழுத்தாகவே வேண்டுமென்றால்: பாமினியிலிருந்து, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இணையமின்றி வேலை செய்யும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவையும் உண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவை உள்ள பதில்களை முகம் தெரியாத இணைய மாற்றியில், அதுவும் பொதுக் கணினியிலிருந்து, ஒட்டாமல் இருப்பது நல்லது. அத்தகையவற்றுக்கு இணையமில்லா மென்பொருளே பொருத்தம்.

மாற்றிய பிறகுதான் வேலை தொடங்குகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. தோழி அனுப்பிய ஒரு பதிலில், விவசாயி நட்டிருந்த ரகமும் ஏக்கருக்கான விதையளவும் ஆங்கில எழுத்துருவில் இருந்தன. நகலெடுக்கும்போது எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற வேறுபாடு அழிந்துவிடுகிறது. மாற்றிக்கு எல்லாமே பாமினிதான். விளைவு இப்படி வந்தது:

```
ஒட்டியது:    ADT 43, 25 kg
மாறி வந்தது:  யுனுவு 43இ 25 மப
```

ஆடுதுறை 43 ரகம் ‘யுனுவு’ ஆகிவிட்டது, கிலோ ‘மப’ ஆகிவிட்டது, காற்புள்ளி ‘இ’ ஆகிவிட்டது. மாணவி முதலில் யுனுவு என்பதை மயிலாடுதுறைப் பக்கத்து நாட்டு ரகம் என்று எண்ணி அட்டவணையில் தனி வரிசையே போட்டுவிட்டார். ஆகவே மாற்றிய உரையில் மூன்றை மட்டும் குறிப்பாகத் தேட வேண்டும்.

முதலாவது, எண்களுக்குப் பக்கத்தில் வரும் பொருளற்ற தமிழ்ச் சொற்கள். இலக்கங்கள் பாமினியில் மாறுவதில்லை என்பதால், அலகுகளும் ரகப் பெயர்களும் உரப் பெயர்களும் அவற்றை ஒட்டியே நிற்கும், எளிதில் பிடிபடும்.

இரண்டாவது, சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ‘இ’. பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. காற்புள்ளிக்கு வேறு விசை. ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். தமிழில் ஒரு சொல் ‘இ’ என்ற தனி உயிரெழுத்தில் முடிவதில்லை என்பதால், சொல்லிறுதியில் ‘இ’ கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி இடலாம்.

மூன்றாவது, வாக்கியத்தின் முதல் எழுத்து. வேர்டு, வாக்கியத் தொடக்கத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் உடையது. கடையில் அந்த வசதியை அணைக்காமல் விட்டிருந்தால் `tzf;fk;` என்பது `Tzf;fk;` ஆகி, மாற்றிய பின் ‘வுணக்கம்’ என்று வரும். வாக்கியங்கள் எல்லாம் உகரத்தோடு தொடங்கினால் காரணம் இதுதான்.

பதில்களின் நடுவில் கண்ணடிக்கும் முகம் வந்தால்: தோழி விளையாட்டாக அனுப்பியதாக மாணவி நினைத்திருந்தார். அடைப்புக்குறிக்குள் ‘நெல்’ என்று பாமினியில் எழுதினால் அது `(ney;)` என்று முடியும். அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்து வந்தால் சில அரட்டைப் பெட்டிகள் அதைக் கண்ணடிக்கும் முகமாக மாற்றிவிடுகின்றன. மாற்றியில் ஒட்டுவதற்கு முன்பு முகத்தை அழித்துவிட்டு `;)` என்று திரும்ப அடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல் மேற்புள்ளியை இழந்து ‘நெல’ என்று நிற்கும்.

இது நாள்தோறும் நடந்தால்: மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அனுப்பும் கடையில் ஒரு மாற்றம் செய்வது மேல். டிடிபி செய்பவர்களின் விரல்கள் பாமினி விசைப்பலகைக்குப் பழகியவை. அதை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய இலவச மென்பொருள்களில் அதே பாமினி விசை அமைப்பை வைத்துக்கொண்டே யூனிகோடில் எழுதலாம். அச்சு வேலைக்குப் பழைய எழுத்துரு, அரட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் யூனிகோடு என்று பிரித்துக்கொண்டால் போதும். தோழியின் அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “விசை மாறாதுன்னா போட்டுக்கிறேங்க” என்று உடனே ஒப்புக்கொண்டார்.

எப்போது ஆளை அழைப்பது: இங்கே கணினிப் பொறியாளருக்கு வேலையே இல்லை, அழைக்க வேண்டியவர் அந்த உரையை அடித்தவர். பாமினி என்று தேர்ந்தெடுத்து மாற்றியும் உளறலாகவே வந்தால், அந்தக் கடை வேறு நிறுவனத்தின் எழுத்துருவைப் பயன்படுத்துகிறது. கோப்பில் எழுத்துரு பெயரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால், மாற்றியின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடலாம். இல்லையென்றால் பணம் கொடுத்துத் திரும்ப அடிக்கச் சொல்வதுதான் வழி. நீளமான உரைக்கு அதுவே நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

## அறிகுறி 3: `à®` என்ற இணை திரும்பத் திரும்ப வருவது

```
à®µà®£à®•à¯à®•à®®à¯
```

இதுவும் ‘வணக்கம்’தான். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் UTF-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்காமல், தனித்தனி மேலை எழுத்துகளாகப் படித்தால் இந்தத் தோற்றம் வரும். தமிழ் எழுத்துகள் அனைத்தும் ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால்தான் `à` ஓயாமல் வருகிறது.

பரவலாகப் பயன்படும் அரட்டைச் செயலிகளுக்குள் இது அரிது. இரண்டு இடங்களில்தான் தலைகாட்டும்.

சேமித்த அரட்டையை எக்செல்லில் திறக்கும்போது வந்தால்: தோழி முழு அரட்டையையும் கைப்பேசியிலிருந்து `.txt` கோப்பாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் அனுப்பினார், பதில்களை அட்டவணையாக்குவதற்காக மாணவி அதை எக்செல்லில் திறந்தார். நோட்பேடில் சரியாகத் தெரிந்த அதே கோப்பு, எக்செல்லில் இப்படி ஆயிற்று. கோப்பைத் திறக்கும்போது எக்செல் காட்டும் முதல் பெட்டியில் File origin என்ற இடத்தில் பின்வருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

```
65001 : Unicode (UTF-8)
```

பட்டியலின் அடிப்பகுதிக்கு அருகே இருக்கும். தேர்ந்தெடுத்த உடனே கீழே உள்ள முன்காட்சியில் தமிழ் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

சிறிய இணையதளத்தின் சொந்த அரட்டைப் பெட்டியில் வந்தால்: பயிற்சி மையங்கள், விண்ணப்பத் தளங்கள் போன்றவற்றின் உதவிப் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் Alt விசையை அழுத்தினால் வரும் View பட்டியலில் Repair Text Encoding இருக்கும். அது மங்கலாக இல்லாவிட்டால் அழுத்திப் பார்க்கலாம். குரோமில் இத்தகைய தேர்வே கிடையாது. இரண்டிலும் சரியாகாவிட்டால் பிழை தளத்தின் சேவையகத்தில் இருக்கிறது. தளத்தாருக்குத் திரைப்பிடிப்போடு எழுதுவதைத் தவிர இந்தப் பக்கம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பிரவுசிங் சென்டர்க்காரரை இதற்காகக் கடிந்துகொள்வது முறையல்ல.

குறியாகிவிட்ட உரையை நகலெடுத்து, திருத்தும் தளங்களில் ஒட்டி மீட்கலாம் என்று சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் உண்மை. மேற்புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகிய நான்குக்கும் மூன்றாவது பைட்டாக வருபவை, விண்டோஸின் மேலை எழுத்துப் பட்டியலில் உருவம் இல்லாத இடங்கள். திரையில் அவை தெரியாது. நகலெடுத்து ஒட்டும்போது எங்கேனும் உதிர்ந்துவிடும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் `à¯` என்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றுவது அதனால்தான். உதிர்ந்தபின் மீட்டால், புள்ளி வைத்த எழுத்து வரும் இடங்களிலெல்லாம் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக `�` வரும். நகலை விட்டுவிட்டு மூலக் கோப்பையே சரியான முறையில் திறப்பதுதான் பிழையற்ற வழி.

## அறிகுறி 4: வெறும் கேள்விக்குறிகள்

```
??????? ????
```

இருப்பதில் மோசமானது இது. மற்றவற்றில் உள்ளே ஏதோ ஒரு வடிவில் எழுத்து இருக்கிறது, இதில் இல்லை. தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய முறையில் ஏதோ ஒரு மென்பொருள் சேமித்தபோது, ஒவ்வோர் எழுத்தும் அழிந்து அதன் இடத்தில் கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. ‘வணக்கம்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஆனால் மேற்புள்ளிகள் இரண்டும் தனிக்குறிகள் என்பதால் ஏழு கேள்விக்குறிகள் வரும். எண்ணிக்கை இப்படிப் பொருந்தினால், அழிந்தது தமிழ் உரைதான் என்று உறுதியாகும். ஆனால் எந்த மாற்றியாலும் திருப்ப முடியாது.

நாமே சேமித்த பிறகு வந்திருந்தால்: மாணவிக்கு நேர்ந்தது இதுதான். மாற்றியில் திருத்திய பதில்களை எல்லாம் விண்டோஸ் 7-இன் நோட்பேடில் ஒட்டிச் சேமித்தார். அந்த நோட்பேடு தானாக, தமிழுக்கு இடமில்லாத ANSI முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டியும் வரும். அவசரத்தில் அதற்கு OK கொடுத்துவிடுகிறோம். கோப்பை மூடாமல் இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும், மூடித் திறந்தால் கேள்விக்குறிகள். சேமிக்கும்போது Save As பெட்டியின் அடியில் Encoding என்ற இடத்தில் UTF-8 என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேடு தானாகவே UTF-8 எடுத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நல்லவேளையாக மாற்றியின் பக்கம் உலாவியில் திறந்தே இருந்தது. இன்னும் ஒரு முறை நகலெடுத்துச் சரியாகச் சேமிக்க முடிந்தது. பக்கத்தை மூடியிருந்தாலும் அரட்டையில் மூலப் பதில்கள் இருக்கும். மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே.

வந்த பதிலே கேள்விக்குறிகளாக இருந்தால்: அனுப்பியவரிடம் இருக்கும் மூலத்தை மறுபடி கேட்க வேண்டும். அவர் எதிலிருந்து நகலெடுத்தார் என்று கேட்டால், பெரும்பாலும் இடையில் ஒரு நோட்பேடு கோப்போ பழைய கணக்கு மென்பொருளோ இருக்கும்.

எப்போது ஆளை அழைப்பது: ஒரு தளத்தின் அரட்டையில் யார் எழுதினாலும், எந்தக் கருவியிலிருந்து எழுதினாலும், தமிழ் மட்டும் கேள்விக்குறியாக மாறினால், தளத்தின் தரவுத்தளம் தமிழை ஏற்கும்படி அமைக்கப்படவில்லை. அதைத் தளத்தை உருவாக்கியவர்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்தத் தளத்தில் ஆங்கிலத்திலோ படமாகவோ பதில் அனுப்புவது நல்லது, ஏனெனில் அழிந்த பழைய பதில்கள் பழுது நீங்கிய பிறகும் திரும்ப வரா.

## அறிகுறி 5: நாம் அடிக்கும் பதிலே குறிகளாக மாறுவது

ஆங்கிலம் அடித்தால் தமிழோ வேறு குறிகளோ வந்தால்: நமக்கு முன்பு அமர்ந்தவர் தமிழ் விசைப்பலகையை அணைக்காமல் போயிருப்பார். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள என்எச்எம் ரைட்டர் அல்லது இ-கலப்பைச் சின்னத்தைச் சொடுக்கி அணைக்கவும். கடவுச்சொல் சரியாக அடித்தும் ஏற்காமல் போவதற்கும் இதே காரணம் உண்டு. புள்ளிகளாக மறைந்திருப்பதால் தெரிவதில்லை.

எழுத்துகள் சரி, `@` குறியும் மேற்கோள் குறியும் மட்டும் இடம் மாறினால்: விசைப்பலகை இங்கிலாந்து அமைப்புக்கு மாறியிருக்கிறது. இடது Alt-ஐயும் Shift-ஐயும் சேர்த்து அழுத்தினால் திரும்பும்.

மடிக்கணினியில் `u`, `i`, `o` அடித்தால் 4, 5, 6 வந்தால்: NumLock இயங்குகிறது, அணைத்தால் போதும்.

ஒரே விசை தானாக ஓடிக்கொண்டிருந்தால், அல்லது ஒரு வரிசை விசைகள் வேறு எழுத்துகளைத் தந்தால்: கடையில் தேநீர் சிந்திய விசைப்பலகைகளில் இது வழக்கம். பக்கத்துக் கணினியின் விசைப்பலகையைக் கழற்றி இங்கே செருகிப் பார்க்கவும். சரியாகிவிட்டால் பழையதைக் கழுவி உலர்த்த முயல வேண்டாம். சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மாற்றியும் அதே குறை இருந்தால் மட்டும் பொறியாளரை அழைக்கவும்.

அரட்டையில் மட்டுமல்லாமல், கணினியில் உள்ள கோப்புகளின் பெயர்களின் பின்னொட்டுகளும் புரியாத எழுத்துகளாக மாறி, பணம் கேட்கும் அறிவிப்பும் திரையில் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதுதான் உண்மையான வைரஸ் வேலை. உடனே வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பென் டிரைவ் எதையும் செருகாமல், அன்றே ஆளை அழைக்க வேண்டும்.